சீலிங் ஃபேன் பார்த்த வீடு: பொருள் பேசும் பிஓவி ஸ்கிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இருக்கும் ஒரு பொருளின் கண்ணால் குடும்பத்தைக் காட்டும் ஒரு நிமிட ஸ்கிட் எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எல்லாப் பொருளையும் தொட்டுப் பேசினால் எதுவும் உருப்படாது என்பதால் சீலிங் ஃபேனை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை போகிறேன்.

பள்ளிக்கூடத்துல "நான் ஒரு நாற்காலி பேசுகிறேன்"னு கட்டுரை எழுதுவோமே, அதுதானே இது?

இல்லை. அந்தக் கட்டுரையில் நாற்காலி எங்கே மரமாக இருந்தது, யார் அறுத்தார்கள், யார் வாங்கினார்கள், கடைசியில் எப்படிப் பரணில் கிடக்கிறது என்று பிறப்பிலிருந்து இறப்பு வரை சொல்லும். ஸ்கிட்டில் ஃபேனுடைய வரலாறு யாருக்கும் வேண்டாம். கதை அந்த வீட்டு மனிதர்களுடையது, ஃபேன் அதற்கு அரைகுறைச் சாட்சி. அந்த அரைகுறைதான் முக்கியம். எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு, எல்லாருடைய மனசையும் அறிந்த ஃபேன் என்றால் அது கதைசொல்லியின் குரலுக்கு மாட்டிய முகமூடி, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக நாற்காலியை வைத்தாலும் ஒரு வரி மாறாது. நான் எழுதியதைச் சோதிக்கும் முறையும் இதுவே: "ஃபேன்" என்று வரும் இடத்தில் எல்லாம் "கடிகாரம்" என்று மாற்றிப் படித்துப் பார்ப்பேன், அப்படியும் ஸ்கிட் ஓடினால் கிழித்துவிடுவேன்.

அப்போ ஃபேனுக்கு மட்டும் என்ன தனியா தெரியும்?

எழுதுவதற்கு முன் ஒரு நாள் தரையில் மல்லாந்து படுத்து ஃபேனையே பாருங்கள், அப்புறம் அங்கிருந்து கீழே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் புரிவது, அதற்கு முகம் தெரியாது. வகிடு தெரியும், வழுக்கை எவ்வளவு பரவியிருக்கிறது என்று அந்த ஆளுக்கு முன்பே தெரியும், தோள்கள் தெரியும், யார் ஃபோனில் எதைப் பார்க்கிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரியும். ஒரே வீட்டில் வருஷக்கணக்காக இருந்தும் முகம் பார்க்காத ஒருவர்!

முகம் தெரிவது மூன்றே சமயங்களில்தான். கரண்ட் போகும்போது எல்லாரும் அனிச்சையாக அண்ணாந்து பார்ப்பார்கள். ஃபேன் ‘கிரீச்’ என்று சத்தம் போடும்போது யாராவது எரிச்சலுடன் பார்ப்பார்கள். அப்புறம் தூக்கம் வராத ராத்திரி. இதை உணர்ந்த உடனே ஸ்கிட்டில் பாதி வேலை முடிந்துவிடும், ஏனென்றால் முகத்தைக் காட்டும் ஷாட் எங்கே வர வேண்டும் என்று பொருளே சொல்லிவிடுகிறது. மற்ற நேரங்களில் நீங்கள் முகத்தைக் காட்டினால் அது ஏமாற்று வேலை.

இரண்டாவது, காது. ஐந்தில் ஓடும் ஃபேனுக்குத் தன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஆகவே நான் வைக்கும் விதி: ஓடும்போது கண் உண்டு, காது மந்தம். நின்றால் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். இந்த ஒரு விதியிலிருந்துதான் கீழே வரும் ஸ்கிட் முழுவதும் பிறந்தது. மனிதர்கள் எப்போது ஃபேனை நிறுத்துகிறார்கள் என்று யோசியுங்கள். முக்கியமான ஃபோன் பேச, பரப்பிய காகிதங்களை அடுக்க, ரகசியம் சொல்ல. வியர்த்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் ஃபேனை நிறுத்துகிறார் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

மூன்றாவது, அதிகாரம் இல்லாமை. தலைக்கு மேலே இருந்தாலும் ரெகுலேட்டர் அதன் கையில் இல்லை. அதனால் முடிந்தது சுற்றுவது, நிற்பது, முனகுவது, கொஞ்சம் தூசி உதிர்ப்பது, ஒரு காகிதத்தைப் பறக்கவிடுவது. கதையில் ஃபேன் எதையாவது செய்தே தீர வேண்டும் என்றால் இந்த ஐந்துக்குள் இருந்துதான் எடுக்க வேண்டும்.

ஒரு முழு ஸ்கிட்டை எழுதிக் காட்ட முடியுமா?

75 நொடிக்கு நான் எழுதியது இது. நான்கு பேர்: அப்பா, அம்மா, பாட்டி, பையன். ஒரே அறை.

முதல் 8 நொடி. மேலிருந்து மூன்று தலைகள். ஃபேன்: "வழுக்கை, அப்பா. வெள்ளை முடி, பாட்டி. எண்ணெயே பார்க்காத காடு, பையன். முகம் எப்படி இருக்கும்னு கேட்காதீங்க, எனக்குத் தெரியாது."

அடுத்த 20 நொடி ரெகுலேட்டர் சண்டை. பையனின் கை சுவருக்குப் போகிறது, காற்று கூடுகிறது, கீழே பேச்சு மங்கி ‘ம்ம்ம் ம்ம்’ என்று ஆகிவிடுகிறது. பாட்டி எழுந்து குறைக்கிறார், பேச்சு தெளிகிறது: "...குளிருதுன்னு சொன்னா கேக்குறதே இல்ல." அப்பா மறுபடி கூட்டுகிறார், பாதி வாக்கியத்தில் பாட்டியின் குரல் மங்குகிறது. கேட்காத இடங்களில் என்ன பேசுகிறார்கள் என்று ஃபேனே இட்டுக்கட்டுகிறது. அப்பா ஆவேசமாகக் கையை ஆட்டும்போது ஃபேன்: "என்னைப் பாராட்டுகிறார் போலிருக்கு." உடனே வேகம் குறைய, அப்பாவின் குரல்: "...இந்த ஓட்டை ஃபேனை முதல்ல மாத்தணும்!"

பிறகு எல்லாரும் வெளியே போகிறார்கள். காலி அறை, 2 நொடி. அம்மா வருகிறார், கதவைச் சாத்துகிறார், சுவிட்சை அணைக்கிறார். முதல் முறையாக முழு அமைதி. தரையில் உட்கார்ந்து ஃபோனை முன்னால் வைத்து ஒரு காகிதத்தைப் பிரித்துக் குரலைச் செருமுகிறார். "ஒரு ஊர்ல ஒரு..." நிறுத்திவிட்டு மறுபடி, "ஒரு ஊர்ல..." கதை வாசித்துப் பதிவு செய்கிறார். நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொள்கிறார். ஃபேன் தணிந்த குரலில்: "பதினோரு மணிக்கு என்னை நிறுத்துவாங்க. தினமும். நான் ஓடினா மைக்ல நான்தான் கேப்பேனாம்."

கதவு திறக்கிறது. பையன்: "யார் ஃபேனை நிறுத்தினது?" அம்மா காகிதத்தைத் துண்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டே: "கரண்ட் போச்சுடா." பையன்: "லைட் எரியுதே?" ஒரு நொடி. ஃபேன்: "என்னைப் பார்க்காதீங்க, நான் ஒண்ணும் சொல்லல." பையன் சுவிட்சைப் போடுகிறான், அம்மாவின் பதில் மங்கிய ‘ம்ம்ம்’ ஆகிவிடுகிறது. அம்மா என்ன பொய் சொன்னார் என்று பார்ப்பவருக்கும் தெரியாது.

கடைசி 15 நொடி, ராத்திரி. அம்மா படுத்திருக்கிறார், ஃபேன் ஒன்றில் மெதுவாக. ஃபோனில் ஏதோ வாசிக்கிறார், வாசித்ததும் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். பிறகு நேராக மேலே பார்க்கிறார். ஸ்கிட்டில் நாம் பார்க்கும் முதல் முகம் அது. உதட்டில் விரலை வைத்து, "உஷ்." ஃபேன் ஒரே ஒரு ‘கிரீச்’. முடிந்தது.

கடைசியில ஃபேன் ஏதாவது சொல்ல வேண்டாமா? சப்புன்னு முடியுதே?

முதல் வடிவத்தில் "இந்த வீட்டில் அவங்க கதையைக் கேட்ட ஒரே ஆள் நான்தான்" என்று ஒரு வரி வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது எல்லாரும் "நல்லா இருக்கு" என்றார்கள், யாரும் சிரிக்கவில்லை, யாரும் கண் கலங்கவும் இல்லை. எடுத்துவிட்டேன். அந்த முகமே போதும், ஏனென்றால் ஒரு நிமிடமாக முகமே காட்டாமல் சேர்த்து வைத்தது அங்கேதான் செலவாகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. படுக்கையில் தனியாக ஒருவர் ஃபேனையே நெடுநேரம் வெறித்துப் பார்க்கும் ஷாட்டை நம் ஆட்கள் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள், மனசு பயப்படும் பக்கம் போகும். அதனால்தான் சிரிப்பை முதலில் வைத்து, பார்வையைப் பின்னால் வைத்தேன். வரிசையை மாற்றினால் நகைச்சுவை ஸ்கிட் சட்டென்று இருண்டுபோகும். ஃபேனில் துணி, கயிறு தொங்கும் எந்தக் காட்சியும் வேடிக்கைக்குக் கூட வேண்டாம்.

ஃபேன் எவ்வளவு பேசலாம்?

எனக்கு ஒரு நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் நிதானமாக வாசிக்க வராது, தமிழ்ச் சொற்கள் நீளம். 75 நொடியில் மனிதர்கள் பேசவும் இடம் வேண்டும், அதனால் ஃபேனுக்கு 50, மிஞ்சினால் 60 சொற்கள். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது திரையில் தெரிகிறதா? தெரிந்தால் அந்த வரி போகட்டும். "அம்மா உள்ளே வந்தாங்க" என்று ஃபேன் சொல்லும்போது அம்மா உள்ளே வந்துகொண்டிருந்தால் அது நேர்முக வர்ணனை.

சிலேடைகளும் அப்படித்தான். தலைக்கு மேலே வேலை, தலை சுத்துது, எனக்கும் ஃபேன்ஸ் இருக்காங்க என்று முதல் ஐந்து நிமிடத்தில் தோன்றுவதெல்லாம் எல்லாருக்கும் தோன்றுவதே. ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றுகூட வைக்கவில்லை, கொஞ்சம் வருத்தம்தான்.

கேமராவை ஃபேன்லயே கட்டி எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இறக்கையில் ஃபோனைக் கட்டினால் சமநிலை கெட்டு ஃபேன் ஆடும், கழன்றால் கீழே இருப்பவர் தலையில்தான் விழும். நடுவில் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதியும் பெரும்பாலான ஃபேன்களில் சேர்ந்தே சுற்றும். தவிர ஃபேன் கண்ணால் பார்க்கும் காட்சி சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. நான் ஒரு முறை எடிட்டிங்கில் காட்சியைச் சுழற்றிப் பார்த்தேன், பத்து நொடியில் எனக்கே குமட்டியது. ஃபேன் சுற்றும், அதன் பார்வை நிற்கும் என்று வைத்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சுலபமான வழி, இரண்டு பக்கமும் கால் வைத்த மடக்கு ஏணிகள் இரண்டை நிறுத்தி, நடுவில் ஒரு உறுதியான கம்பைக் கிடத்தி இரு முனையையும் கட்டி, அதில் கிளிப் வைத்து ஃபோனைக் கவிழ்த்து மாட்டுவது. கிளிப்பை மட்டும் நம்பாமல் ஃபோனின் உறையோடு ஒரு நாடாவைச் சேர்த்துக் கட்டுங்கள். மாட்டும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது, ஃபேன் அணைந்திருக்க வேண்டும். ஏணி இல்லையென்றால் பீரோவின் மேல் வைத்துச் சாய்த்து எடுக்கலாம், ஆனால் அந்தக் கோணத்தில் முகம் கொஞ்சம் தெரிந்துவிடும், அப்போது மேலே சொன்ன முகம் காட்டாத உத்தி பலிக்காது. பீரோ மேல் வைத்தால் கதையையும் பீரோவுக்கே எழுதிவிடுங்கள்.

மேல இருந்து எடுத்தா ஒரு தலைதான் தெரியுது, எல்லாரும் ஃபிரேமுக்குள்ள வரலை!

ஆட்கள் நிற்கிறார்கள், அதுதான் காரணம். ஃபோனின் சாதாரண ஒரு மடங்கு லென்ஸில், வீடியோவில், தூரம் எவ்வளவோ அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அகலமும், ஒன்றரை பங்குக்குச் சற்றுக் குறைந்த நீளமும் தெரியும். ஃபோன் எட்டரை அடி உயரத்தில் இருக்கிறது, நிற்பவர் தலை ஐந்தரை அடியில் என்றால் நடுவில் மூன்றே அடி, ஆக இரண்டே கால் அடி அகலம். ஒரு தலை, இரண்டு தோள், அவ்வளவுதான். அதே ஆள் தரையில் உட்கார்ந்தால் தலை மூன்று அடிக்குள் இறங்கிவிடும், தூரம் ஐந்தரை அடிக்கு மேல், இப்போது நான்கு அடி அகலமும் ஏழெட்டு அடி நீளமும் கிடைக்கும், மூன்று பேர் தாராளமாக வருவார்கள். அதனால்தான் என் ஸ்கிட்டில் எல்லாரும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறார்கள், எழுந்தால் அது ரெகுலேட்டருக்கோ கதவுக்கோதான்.

அரை மடங்கு வைட் லென்ஸ் போட்டால் அறையே தெரியும், ஆனால் ஓரத்தில் இருப்பவர் சாய்ந்த கம்பம் போல நீண்டுவிடுவார். காலி அறை ஷாட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, மேலிருந்து ஆளை அடையாளம் காட்டுவது தலையும் தோளும் மட்டும்தான். இரண்டு கறுப்பு முடிக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் உட்கார்ந்தால் பார்ப்பவர் குழம்பிவிடுவார். தரைதான் உங்கள் திரைச்சீலை, பூப்போட்ட விரிப்பில் பூப்போட்ட சட்டை காணாமல் போகும். கதவு ஃபிரேமின் மேல் பக்கம் என்று ஒரு முறை வைத்தால் எல்லா ஷாட்டிலும் அங்கேயே இருக்கட்டும். அறையின் நடு விளக்கு ஃபோனுக்கு மேலே இருந்தால் ஃபோனின் நிழலே கீழே விழும், ஜன்னல் வெளிச்சம் நல்லது.

சத்தம் மங்குறதை எப்படிச் செய்யணும்?

படப்பிடிப்பில் ஃபேனைப் போடவே கூடாது, போட்டால் வசனம் கெடும், பிறகு பிரிக்க முடியாது. ஃபேன் சத்தத்தை ஒன்றில், மூன்றில், ஐந்தில் என்று தனித்தனியாக அரை நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று நேராக மைக்கில் அடிக்காதபடி ஃபோனை அறையின் மூலையில் வையுங்கள். எடிட்டிங்கில் வசனத்தின் மேல் அந்தச் சத்தத்தைப் பரப்பி, வசனத்தில் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைக் குறைத்துவிடுங்கள். ச, ஸ, த போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மேல்பக்க அதிர்வெண்கள், அவை போனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

சுவிட்சை அணைத்ததும் சத்தம் பட்டென்று அறுந்தால் போலியாகத் தெரியும். உண்மையான ஃபேன் நிற்கச் சில நொடிகள் எடுக்கும். அந்தச் சில நொடிகளில் காற்று தணியத் தணிய அம்மாவின் செருமல் மெல்ல மேலே வருவதுதான் ஸ்கிட்டின் அழகான இடம், அதை அவசரப்படுத்தாதீர்கள்.

கீழ இருந்து ஃபேனைக் காட்டும்போது பின்பக்கமா சுத்துற மாதிரி தெரியுது, ஃபோன் கெட்டுப்போச்சா?

இல்லை. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நொடிக்கு 5. வீடியோ நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஃபேன் 72 பாகை நகர்ந்திருக்கும். இறக்கைகளுக்கு நடுவில் 120 பாகை. எல்லா இறக்கையும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு இறக்கை 72 முன்னால் போனதைவிட அடுத்த இறக்கை 48 பின்னால் வந்ததாகக் கண் எடுத்துக்கொள்கிறது. ஷட்டரை 1/50 அளவுக்கு மெதுவாக வைத்தால் இறக்கை கலங்கித் தெரியும், உறுத்தல் குறையும். இல்லையென்றால் ஃபேனை ஒன்றில் ஓடவிட்டு எடுங்கள். என் ஸ்கிட்டில் ஃபேனையே காட்டவில்லை, தன்னைத்தானே யார் பார்க்க முடியும்?

மற்ற பொருள்களையும் பேசவிடலாமா? ஃபேனும் டியூப் லைட்டும் பேசிக்கிற மாதிரி?

இரண்டு பொருள் பேச ஆரம்பித்தால் அவர்களுடைய அரட்டைதான் கதையாகும், மனிதர்கள் பின்னணி ஆகிவிடுவார்கள். வேறு பொருள் பிடித்திருந்தால் அதற்கே தனி ஸ்கிட் எழுதுங்கள், ஆனால் முதலில் அதற்கு என்ன தெரியாது என்று கண்டுபிடியுங்கள். ஃப்ரிட்ஜுக்கு முகம் மிக அருகில் தெரியும், கதவு திறந்திருக்கும் சில நொடிகள் மட்டும், அதுவும் பாதி ராத்திரியில். மிதியடிக்குப் பாதங்கள் மட்டும், யார் எவ்வளவு நேரம் கதவைத் தட்டாமல் நின்றார்கள் என்று அதற்குத்தான் தெரியும். கண்ணாடி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லாரும் அதன் முன்னால் நடிக்கிறார்கள், அது அதை நம்புகிறதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாமல் மூன்று தாள் கிழித்திருக்கிறேன்.